1900-க்கு ஒரு எஸ்எம்எஸ்... உங்கள் நம்பர் இன்னொருவர் கையில்!

ஓடிபி-யை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது இன்று பாட்டிக்கும் தெரியும். ஆனால், எட்டு எழுத்தில் வரும் போர்ட்டிங் கோடு என்றால் என்ன என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அதைச் சொல்லிவிட்டால் போவது ஓர் ஓடிபி அல்ல, இனி வரப்போகும் அத்தனை ஓடிபி-யும். இந்த மோசடி எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் அதை நிறுத்தலாம்?

செல்போன் நிறுவனம் பிடிக்கவில்லையா? நம்பரை மாற்றாமலேயே வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம். ஹரியானாவில் 2010 நவம்பரில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க வந்த வசதி இது. 2015 ஜூலை முதல் மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் அதே நம்பரை வைத்துக்கொள்ளலாம் என்றானது. பேசுவதற்கு மட்டுமே நம்பர் இருந்த காலத்தில் இது வெறும் வசதி. இன்று அதே நம்பரில்தான் வங்கிக் கணக்கு, ஆதார், இமெயில், வாட்ஸ்அப் எல்லாம் தொங்குகின்றன. நம்பர் யாரிடம் இருக்கிறதோ, அவரைத்தான் இந்த அமைப்புகள் எல்லாம் 'நீங்கள்' என்று நம்புகின்றன.

அதனால்தான் திருடர்கள் போனைத் திருடுவதில்லை, நம்பரைத் திருடுகிறார்கள். உங்கள் பெயரில் வேறொரு நிறுவனத்திடம் போர்ட்டிங் விண்ணப்பம் கொடுத்து, புது சிம் வாங்கிவிடுகிறார்கள். மாற்றம் முடிந்ததும் உங்கள் கையிலிருக்கும் சிம் செத்துவிடும். உங்களுக்கு வர வேண்டிய அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் அவர்கள் போனுக்குப் போகும்.

ஒரே பூட்டு, எட்டு எழுத்து

இந்தியாவில் ஒரு நம்பர் நிறுவனம் மாற வேண்டுமென்றால், முதல் அடி அந்த நம்பரிலிருந்தே எடுத்து வைக்கப்பட வேண்டும். அந்த சிம் இருக்கும் போனிலிருந்து இப்படி ஓர் எஸ்எம்எஸ் 1900-க்குப் போக வேண்டும்:

```
PORT 9XXXXXXXXX
```

பதிலாக அதே போனுக்கு எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோடு வரும். இதைத்தான் யுபிசி என்கிறார்கள். இந்தக் கோடையும் அடையாளச் சான்றையும் புது நிறுவனத்தின் கடையில் கொடுத்தால்தான் விண்ணப்பமே பதிவாகும்.

இந்தக் கோடு கேட்டவுடன் வந்துவிடாது. 2019 டிசம்பர் 16 முதல் அமலில் இருக்கும் டிராய் விதிகளின்படி, நிறுவனங்களுக்கு நடுவில் இருக்கும் போர்ட்டிங் மையம்தான் இதை உருவாக்குகிறது. அதற்கு முன், பழைய நிறுவனத்திடம் சில விஷயங்களைக் கேட்டு உறுதி செய்துகொள்ளும். அந்த நம்பர் அங்கே 90 நாட்களாவது இருந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி இருக்கக் கூடாது. பெயர் மாற்றக் கோரிக்கை எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. நம்பர் மீது வழக்கும் இருக்கக் கூடாது. எல்லாம் சரி என்றால்தான் கோடு வரும். முன்பு 15 நாள் செல்லுபடியான கோடு, இப்போது பெரும்பாலான வட்டங்களில் நான்கே நாள்தான். ஜம்மு காஷ்மீர், அஸ்ஸாம், வடகிழக்கு வட்டங்களில் மட்டும் 30 நாள்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கவனியுங்கள். பழைய நிறுவனத்தில் பதிவாகியிருக்கும் பெயரும், புது விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று ஒப்பிடுவது அந்த நிபந்தனைகளில் கிடையாது. புது நிறுவனம் தன் கடையில் புதிதாக ஒரு கேஒய்சி செய்துகொள்கிறது. போலி அடையாளச் சான்றைக் கண்டுபிடிப்பது அந்தக் கடைக்காரரின் கவனத்தையும் நேர்மையையும் பொறுத்தது. ஆக, மொத்தப் பாதுகாப்பும் அந்த எட்டு எழுத்தின் தலையில்தான் விழுகிறது. திருடனுக்கும் இது தெரியும். அதனால்தான் அவன் நிறுவனத்தின் கம்ப்யூட்டரை உடைக்க முயல்வதில்லை. நேராக உங்களுக்கே போன் போடுகிறான்.

கோடு எப்படிக் கைமாறுகிறது?

வழக்கமான வழி, பேசியே வாங்குவது. "கஸ்டமர் கேர்ல இருந்து பேசறேன், உங்க சிம்மை 5ஜிக்கு மாத்தணும், இல்லேன்னா சாயந்தரத்துக்குள்ள கட் ஆயிடும்" என்று ஆரம்பிப்பார்கள். அல்லது கேஒய்சி முடிந்துவிட்டது என்பார்கள். அடுத்து, "நான் சொல்ற மாதிரி ஒரு மெசேஜ் அனுப்புங்க" என்று 1900-க்கு அனுப்பச் சொல்வார்கள். 1900 என்பது உண்மையான அரசு ஒழுங்குமுறை சார்ந்த எண். எந்த லிங்க்கையும் தொடச் சொல்லவில்லை, பணமும் கேட்கவில்லை. சந்தேகம் வர வழியே இல்லை. வந்த கோடைப் படித்துக் காட்டச் சொல்லும்போது, அது ஓடிபி மாதிரி ஆறு இலக்கமாகவும் இருக்காது. 'ஓடிபி-யைத்தானே சொல்லக் கூடாது' என்று மனசு சமாதானம் சொல்லிவிடும்.

இரண்டாவது வழி, செயலி. போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை, வங்கி ரிவார்டு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் வரும். அதை இன்ஸ்டால் செய்து எஸ்எம்எஸ் அனுமதியும் கொடுத்துவிட்டால், அந்தச் செயலியே 1900-க்குச் செய்தி அனுப்பி, வரும் பதிலைப் படித்துத் திருடனுக்கு அனுப்பிவிட முடியும். நீங்கள் யாரோடும் பேசியே இருக்க மாட்டீர்கள். எஸ்எம்எஸ்-ஐத்தான் படிக்க முடிகிறதே, பிறகு எதற்கு போர்ட்டிங் என்று தோன்றலாம். செயலியை நீங்கள் எந்த நிமிஷமும் அழித்துவிடலாம். நம்பரே அவன் கையில் இருந்தால் அந்தப் பயம் இல்லை.

மூன்றாவது வழி, தெருவோரக் குடை. பஸ் ஸ்டாண்டு வாசலில் குடை விரித்து சிம் விற்பவரிடம் போர்ட்டிங் செய்யப் போகிறீர்கள். "போனைக் குடுங்க சார், நானே அனுப்பிடறேன்" என்று வாங்கி, PORT செய்தியை அனுப்பிக் கோடைக் குறித்துக்கொள்கிறார். பெரும்பாலோர் நேர்மையாகத் தொழில் செய்பவர்கள்தான். ஆனால், இந்தப் பழக்கமே ஆபத்து. போனும் கைரேகையும் ஒரே நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் இருக்கின்றன. "ரேகை சரியா விழலை, இன்னொரு தடவை வைங்க" என்று இரண்டு முறை வைக்கச் சொன்னால், இரண்டாவது முறை உங்கள் பெயரில் இன்னொரு சிம் ஆக்டிவேட் ஆகியிருக்கலாம்.

டூப்ளிகேட் சிம் மோசடி என்று நாம் கேள்விப்பட்டது இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. அதில் திருடன் உங்கள் பழைய நிறுவனத்திடமே போய், 'சிம் தொலைந்துவிட்டது' என்று புது சிம் வாங்குகிறான். முன்பெல்லாம் இரண்டையும் கோத்துச் செய்வார்கள். டூப்ளிகேட் சிம் கையில் வந்ததும், அதிலிருந்தே போர்ட்டிங் கோடு எடுத்து, பழைய நிறுவனம் விழித்துக்கொள்வதற்குள் நம்பரை வேறு நிறுவனத்துக்குக் கடத்திவிடுவார்கள். இந்தச் சங்கிலியை அறுக்கத்தான் 2024 ஜூலை 1 முதல் ஒரு விதி வந்தது. சிம் மாற்றிய ஏழு நாட்களுக்குள் போர்ட்டிங் கோடு கேட்டால் கிடைக்காது. அந்த ஏழு நாளில் உண்மையான சொந்தக்காரர் தன் சிம் செத்ததைக் கவனித்துப் புகார் செய்துவிடுவார் என்பது கணக்கு. கவனிக்காதவரை இந்த விதியும் காப்பாற்றாது.

திங்கள் முதல் வெள்ளி வரை

எங்கே நிறுத்தலாம் என்று புரிய, நடப்பதை நாள் வாரியாகப் பார்ப்போம். இது ஓர் உதாரணம்தான். தஞ்சாவூரில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. பென்ஷன், பணிக்கொடையில் போட்ட வைப்புத்தொகை இரண்டும் ஒரே வங்கியில். போன வாரம்தான், 'ரிவார்டு பாயின்ட்' என்று வந்த அழைப்பில் டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்ணையும் காலாவதி மாதத்தையும் சொல்லியிருக்கிறார். பணம் எதுவும் போகவில்லை என்பதால் அதை மறந்தும்விட்டார்.

திங்கள் காலை 11 மணி. "அம்மா, 5ஜி அப்கிரேடு..." என்று அழைப்பு. "எங்கிட்ட பழைய போன்தானே தம்பி இருக்கு?" என்கிறார். "போன் பழசா இருந்தாலும் பரவால்லம்மா, சிம் மட்டும் மாத்தினா போதும். வீட்டுக்கே வந்துரும். நாலஞ்சு நாள் ஆகும். நடுவுல மெசேஜ் வந்தா கண்டுக்காதீங்க, ஒருநாள் டவர் போகும், பயப்படாதீங்க" என்கிறது குரல். இந்தக் கடைசி வாக்கியம்தான் மோசடியின் உயிர். இனி வரப்போகும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் அது முன்கூட்டியே விளக்கம் கொடுத்துவிட்டது. அம்மா 1900-க்கு அனுப்புகிறார், கோடைப் படிக்கிறார்.

திங்கள் மாலை, வேறோர் ஊரில் ஒரு கடையில் போலிச் சான்றோடு விண்ணப்பம் பதிவாகிறது. போர்ட்டிங் கோரிக்கை வந்திருப்பதாக அம்மாவின் போனுக்கு எஸ்எம்எஸ் வருகிறது. அவர் கண்டுகொள்ளவில்லை.

இங்கேதான் பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று இருக்கிறது. விண்ணப்பம் பதிவான 24 மணி நேரத்துக்குள், அதே போனிலிருந்து அதே 1900-க்கு இதை அனுப்பினால் போர்ட்டிங் ரத்தாகும்:

```
CANCEL 9XXXXXXXXX
```

கணக்கு செவ்வாய் மாலை வரை. கடையும் வேண்டாம், சான்றும் வேண்டாம். சிம் இன்னும் அம்மாவிடம்தான் இருக்கிறது.

அந்த நேரம் தாண்டிவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஒரே வட்டத்துக்குள் மாற்றம் நடக்க மூன்று வேலை நாள், வேறு வட்டத்துக்கு என்றால் ஐந்து வேலை நாள் அவகாசம் விதியிலேயே இருக்கிறது. எந்த நாள், எந்த நேரத்தில் மாறும் என்பதும் எஸ்எம்எஸ்ஸில் வரும். புதன்கிழமை இதை மகனிடம் காட்டியிருந்தால், ஆதாரோடு பழைய நிறுவனத்தின் ஷோரூமுக்கும், செய்தியில் பெயர் இருக்கும் புது நிறுவனத்தின் ஷோரூமுக்கும் போய், 'நான் கேட்கவே இல்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். எஸ்எம்எஸ் ரத்து அளவுக்கு இது நிச்சயமான வழி இல்லை. ஆனால், எழுத்துப்பூர்வப் புகாருக்குப் பிறகும் மாற்றம் நடந்தால், பொறுப்பு யாருடையது என்பதற்கு உங்களிடம் தேதியிட்ட சாட்சி இருக்கும்.

அம்மா காட்டவில்லை. வியாழன் இரவு டவர் போகிறது. 'சொன்னாங்களே, சிம் மாறுது' என்று படுத்துவிடுகிறார். வெள்ளி விடியும்போது நம்பர் வேறொரு போனில் ஒலிக்கிறது.

நம்பர் கிடைத்ததும் என்ன செய்வான்?

நம்பர் மட்டும் கிடைத்தால் வங்கி உடனே திறந்துவிடாது. யுபிஐ செயலி புதுப் போனில் பதிவாகும்போது, வங்கியில் இருக்கும் நம்பரிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் போக வேண்டும். சிம் அவனிடம் இருப்பதால் அது நடந்துவிடும். ஆனால், புதிதாக யுபிஐ பின் போட வேண்டுமென்றால் டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களும் காலாவதி மாதமும் ஓடிபி-யும் வேண்டும். ஆதார் ஓடிபி வழியாகவும் பின் போட முடியும். ஆதாரில் இருப்பது அதே நம்பர் என்றால் அந்த ஓடிபி-யும் அவனுக்குத்தான் போகும். போன வாரம் வந்த 'ரிவார்டு பாயின்ட்' அழைப்பு எதற்கென்று இப்போது புரிந்திருக்கும். அன்று பணம் போகவில்லை என்பது அதிர்ஷ்டம் அல்ல. முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

நெட்பேங்கிங் பாஸ்வேர்டை மறந்துவிட்டதாகச் சொல்லி மாற்றுவதும், எஸ்எம்எஸ் கோடு மூலம் இமெயிலைத் திறப்பதும் அடுத்தடுத்து நடக்கும். இமெயில் போனால் வங்கி அனுப்பும் எச்சரிக்கையையும் அவனே படித்து அழித்துவிடுவான். வாட்ஸ்அப்பையும் எடுத்துக்கொண்டு, உங்கள் உறவினர்களிடம் உங்கள் படத்தோடு 'அவசரமா பணம் வேணும்' என்று கேட்பான். வைப்புத்தொகையை ஆன்லைனிலேயே முறித்து சேமிப்புக் கணக்குக்குக் கொண்டுவரும் வசதி பல வங்கிகளில் இருக்கிறது. அதனால், 'சேமிப்புக் கணக்கில் பெரிசா ஒண்ணுமில்லை' என்பது பாதுகாப்பு ஆகாது.

டவர் போனதா, நம்பர் போனதா?

சிக்னல் இல்லாமல் போவது நம்மூரில் அன்றாடம் நடப்பதுதான். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிஷம் போதும். பக்கத்தில் அதே நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவருக்கு டவர் இருக்கிறதா என்று பாருங்கள். அவருக்கு இருந்து உங்களுக்கு இல்லையென்றால், போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அப்போதும் வரவில்லையென்றால், வேறு போனிலிருந்து உங்கள் நம்பருக்கே அழையுங்கள். 'ஸ்விட்ச்டு ஆஃப்', 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வந்தால் சிம்மோ போனோ பழுதாக இருக்கலாம். மணி அடித்தால், அதுவும் உங்கள் கையிலிருக்கும் போன் ஒலிக்காமல் எங்கோ மணி அடித்தால், நம்பர் போய்விட்டது. நேராக வங்கி வேலையைப் பாருங்கள்.

பழைய நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு வேறு போனில் அழைத்தால், 'இந்த நம்பர் இப்போது எங்களிடம் இல்லை' என்பார்கள். அது கோபம் வரவழைக்கும் பதில். ஆனால், உங்களுக்குத் தேவையான தகவலும் அதுதான். போர்ட்டிங் நடந்துவிட்டது உறுதி.

டூப்ளிகேட் சிம் மோசடியைவிட இதில் மீள்வது கடினமாவதும் இதனால்தான். அங்கே நீங்கள் இன்னும் அதே நிறுவனத்தின் வாடிக்கையாளர். சான்றைக் காட்டினால் வேறு சிம் தருவார்கள். இங்கே பழைய நிறுவனத்துக்கு நீங்கள் விலகிப் போனவர். புது நிறுவனத்தின் பதிவேட்டிலோ வேறொருவர் கொடுத்த சான்று. இரண்டு கடைக்கும் நடுவில் நிற்பீர்கள். 'நானே திரும்ப PORT அனுப்பி வந்துவிடுகிறேன்' என்றாலும் முடியாது. அனுப்புவதற்கான சிம் அவனிடம் இருக்கிறது. அதோடு புது நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்கவும் வேண்டும்.

எந்த வேலை முதலில்?

நம்பரை மீட்பது அப்புறம். பணத்தை நிறுத்துவது முதலில். வேறு போனிலிருந்து வங்கியின் 24 மணி நேர எண்ணுக்கு அழைத்து, கார்டு, யுபிஐ, நெட்பேங்கிங் மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். கூடவே, கணக்கில் இருக்கும் மொபைல் நம்பர் திருடப்பட்டுவிட்டது, அதற்கு ஓடிபி அனுப்பாதீர்கள் என்றும் சொல்லுங்கள். கார்டை மட்டும் முடக்கினால் மற்ற இரண்டு கதவும் திறந்தே இருக்கும். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் போயிருந்தால் அடுத்த அழைப்பு 1930. தேசிய சைபர் குற்ற உதவி எண் இது. பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று வங்கி வங்கியாகத் தொடர்ந்து நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இதன் பின்னால் இருக்கிறது. ஏடிஎம்மில் எடுத்துவிட்ட பணத்தை நிறுத்த முடியாது என்பதால், நாள்கணக்கு அல்ல, நிமிஷக்கணக்குதான் இங்கே பேசும். எழுத்துப்பூர்வப் புகாரை cybercrime.gov.in தளத்தில் பதியலாம்.

மூன்றாவதாக, நம்பர் இப்போது இருக்கும் நிறுவனத்தின் ஷோரூமுக்கு நேரில் போங்கள். அடையாளச் சான்று, செத்துப்போன பழைய சிம், பழைய ரீசார்ஜ் ரசீது அல்லது பில், சைபர் புகாரின் நகல் நான்கும் கையில் இருக்கட்டும். 'நம்பரைத் திருப்பிக் கொடுங்கள்' என்று மட்டும் கேட்டால் விசாரணை முடியட்டும் என்பார்கள். 'முதலில் இந்த நம்பரில் எஸ்எம்எஸ்ஸையும் அழைப்பையும் நிறுத்துங்கள்' என்று கேளுங்கள். திருடனுக்கு ஓடிபி போவது அதோடு நின்றுவிடும். பழைய நிறுவனத்திடமும் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். தீர்வு வரவில்லையென்றால் அந்தந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அந்த எண்தான் துருப்பு.

போன பணம் திரும்புமா? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை இதற்கு அடிப்படை. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ நடந்தது என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொன்னவருக்கு இழப்பே இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரை இழப்பு. சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய். சொன்ன நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்கிறது சுற்றறிக்கை.

சிக்கல் எங்கே வருமென்றால், 'வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைச் சொல்லிவிட்டார்' என்று வங்கி சொல்லும்போது. அப்படியானால், புகார் செய்வதற்கு முன் போன பணம் முழுக்க வாடிக்கையாளர் தலையில்தான். புகாரில் நடந்ததை அப்படியே எழுதுங்கள். எதையும் மறைக்கவும் வேண்டாம், கூட்டிச் சொல்லவும் வேண்டாம். சுற்றறிக்கை பேசுவது பணப்பரிமாற்ற ரகசியங்களை. போர்ட்டிங் கோடு ஒரு தொலைத்தொடர்பு விவரம், அது பணப்பரிமாற்ற ரகசியம் அல்ல என்று வாதாட இடம் இருக்கிறது. எங்களுடைய உதாரணத்தில் வரும் அம்மா கார்டு எண்ணையும் சொல்லியிருக்கிறார் என்பது அவருக்குப் பாதகம். வங்கி ஏற்காவிட்டால் அடுத்த படி ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேன்.

போலிச் சான்றும் ஆள்மாறாட்டமும் செய்து சிம் வாங்குவது 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, 50 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். புகாரில் இதையும் குறிப்பிடுங்கள். விசாரணை, சிம் கொடுத்த கடை வரை போக அது வழி செய்யும்.

பெட்டிச் செய்தி: பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால்

அமெரிக்காவில் இந்த மோசடிக்கு இன்னும் வேகம் அதிகம். அங்கே போர்ட்டிங் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். மூன்று நாள் அவகாசமெல்லாம் இல்லை. 2018 பிப்ரவரியில் டி-மொபைல் தன் வாடிக்கையாளர்களுக்கே எஸ்எம்எஸ் அனுப்பி எச்சரித்தது. 2023 நவம்பரில் அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, நம்பரை விடுவதற்கு முன் வாடிக்கையாளரைச் சரியாக அடையாளம் காண வேண்டும், நம்பரைப் பூட்டி வைக்கும் வசதி தர வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. வெரைசனில் 'நம்பர் லாக்', டி-மொபைலில் 'போர்ட் அவுட் புரொடெக்‌ஷன்' என்று அந்தப் பூட்டு இருக்கும். கணக்குக்குள் போய் அதை ஆன் செய்யச் சொல்லுங்கள்.

ஆஸ்திரேலியா 2020-ல், போர்ட்டிங்குக்கு முன் கூடுதல் அடையாளச் சோதனையைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் 'பேக்' என்ற கோடு. 65075 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் வரும். நம்மூர் யுபிசி போலவே அதையும் யாரிடமும் சொல்லக் கூடாது.

இன்னொன்று. என்ஆர்ஐ கணக்குக்கு ஓடிபி வாங்குவதற்காகப் பிள்ளையின் இந்திய சிம் பெற்றோர் வீட்டு மேஜை டிராயரில் அணைந்து கிடக்கும். அந்த நம்பருக்கு யாராவது டூப்ளிகேட் சிம் எடுத்தால், ஏழு நாள் விதி எழுபது நாள் ஆனாலும் யாருக்கும் தெரியாது. அதை ஒரு போனில் போட்டு, உயிரோடு வைத்து, தினம் ஒருமுறை பாருங்கள்.

முன்கூட்டியே என்ன செய்யலாம்?

முதல் விதி எளிது. நீங்களாகக் கடைக்குப் போய் நிறுவனம் மாற விரும்பினாலொழிய, 1900-க்கு எதையும் அனுப்பாதீர்கள். சிம் அப்கிரேடு, கேஒய்சி, புகார், ரீஃபண்டு எதற்கும் அந்த எண் தேவையில்லை. உண்மையிலேயே போர்ட்டிங் செய்யும்போதும் செய்தியை உங்கள் கையால் அனுப்புங்கள், போனைக் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். கேட்காமலே போர்ட்டிங் கோடு வந்தால், போனில் ஏதோ செயலி வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த ஏபிகே-யை நீக்கி, எஸ்எம்எஸ் அனுமதி யார் யாருக்கு இருக்கிறது என்று செட்டிங்ஸில் பாருங்கள். கோடு செல்லுபடியாகும் நான்கு நாளும் கண்காணித்திருங்கள்.

இரண்டாவது, எல்லாப் பணத்தையும் ஒரே நம்பரில் கட்டாதீர்கள். காய்கறிக் கடை முதல் கல்யாண மொய் வரை பயன்படும் யுபிஐ-க்கு ஒரு சிறு கணக்கும், எல்லோருக்கும் தெரிந்த அன்றாட நம்பரும் இருக்கட்டும். வைப்புத்தொகையும் பென்ஷன் சேமிப்பும் இருக்கும் கணக்குக்கு, யாருக்கும் கொடுக்காத இன்னொரு நம்பர். அந்த சிம்மைப் பழைய பட்டன் போனில் போட்டு வைத்தால் ஏபிகே தொல்லையும் இல்லை. நம்பர் செயலிழந்து வேறொருவருக்குப் போய்விடாதபடி ரீசார்ஜ் மட்டும் விட்டுப்போகக் கூடாது.

மூன்றாவது, எஸ்எம்எஸ்ஸை மட்டுமே நம்பாத பூட்டுகள். வாட்ஸ்அப்பில் டூ-ஸ்டெப் பின் போட்டுவிட்டால், நம்பர் கிடைத்தவனாலும் உடனே உள்ளே போக முடியாது. அந்தச் சில நாள் அவகாசமே உறவினர்களைக் காப்பாற்றும். இமெயிலுக்கு எஸ்எம்எஸ் கோடுக்குப் பதில் ஆதென்டிகேட்டர் செயலி அல்லது பாஸ்கீ வையுங்கள். வங்கி எச்சரிக்கை எஸ்எம்எஸ்ஸோடு இமெயிலுக்கும் வரட்டும். நம்பர் போனாலும் சேதி வரும். சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று அவ்வப்போது பாருங்கள். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே 'என்னுடையது அல்ல' என்று குறிக்கலாம்.

இவ்வளவையும் வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நியாயமா என்று கேட்டால், இல்லைதான். பழைய நிறுவனத்திலிருக்கும் பெயரையும் புது விண்ணப்பத்தின் பெயரையும் இயந்திரமே ஒப்பிட்டுப் பார்த்தால், போலிச் சான்றோடு வருபவன் கவுன்ட்டரிலேயே மாட்டுவான். அதைவிடச் சுலபமான ஒன்றும் இருக்கிறது. தஞ்சாவூர் அம்மாவுக்குக் கோடு வந்த நிமிஷத்திலேயே, 'நீங்கள் இந்த நிறுவனத்தை விட்டு விலகப் போகிறீர்கள். கேட்டது நீங்கள் இல்லையென்றால், விண்ணப்பம் பதிவான செய்தி வந்ததும் CANCEL அனுப்புங்கள்' என்று அவர் படிக்கும் தமிழில் ஒரு வரி வந்திருந்தால், 5ஜி கதை அந்த இடத்திலேயே உடைந்திருக்கும். 24 மணி நேர ரத்து உரிமையை விதியில் எழுதியவர்கள், அதை உரியவருக்குப் புரியும் மொழியில் உரிய நேரத்தில் சொல்ல நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். அது நடக்கும் வரை, அந்த வரியைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். இந்த வாரம் வீட்டுப் பெரியவர்களோடு பேசும்போது 1900-ஐப் பற்றியும் CANCEL பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.